நல்லூர்த் திருவிழாச் சலுகைக்கு ஒரு கண்ணாடிக்கடைப் போஸ்ற்: இதில எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

கொக்குவில்கடை

எல்லாருக்கும் வணக்கம். கொக்குவிலில சின்னதா ஒரு கண்ணாடிக்கடை வைச்சிருக்கிறன். அப்பா நடத்தினது, நாலு வருசமா நான்தான் பாக்கிறன். திருவிழா நாளில சனம் யாழ்ப்பாணத்துக்கு வரும், வெளிநாட்டுக்காரரும் வருவினம். அதுக்கு ஒரு போஸ்ற் போடவேணும் எண்டு டிசைன் செய்யிற தம்பியிட்டைச் சொன்னன். அவர் அனுப்பினது இது:

"நல்லூர்த் திருவிழா அதிரடிச் சலுகை! எந்தப் பிறேம் எடுத்தாலும் லென்ஸ் இலவசம்! நவீன புளூ கட் லென்ஸ்: போன், கொம்பியூட்டர் கதிர்வீச்சிலிருந்து உங்கள் கண்ணைக் காக்கும். தலையிடி, நித்திரையின்மை நீங்கும். பிள்ளைகளின் பவர் கூடாமல் தடுக்கும். இலவச கண் பரிசோதனையும் உண்டு!"

வாசிக்க நல்லாத்தான் இருக்குது. வேற கடைக்காரரும் இப்பிடித்தான் போடினம். ஆனா போன மாதம் ஒரு அம்மா மகனோட வந்து, "இந்த லென்ஸ் போட்டா நம்பர் நிக்கும்தானே?" எண்டு நேர கேட்டா. எனக்கு ஓம் எண்டும் சொல்ல வரேல்லை, இல்லை எண்டும் சொல்ல வரேல்லை. அண்டையில இருந்து மனசுக்குச் சரியில்லை. இந்தத் தொழில் தெரிஞ்சவை ஒருக்கா வரி வரியாப் பாத்துச் சொல்லுங்கோ. வியாபாரமும் நடக்கவேணும், பொய்யும் சொல்லக்கூடாது.

சுன்னாகத்தான்

தம்பி, நீங்கள் தேவையில்லாமல் பயப்பிடுறியள். நீல வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். நான் போன் கடை வைச்சிருக்கிறன், போனிலயே இரவுக்கு மஞ்சளாக்கிற செற்றிங் இருக்குது. கூடாது எண்டபடியால்தானே அதை வைச்சிருக்கிறாங்கள்? உங்களிட்டை அந்த நீல லேசர் பேனையும் அட்டையும் இருக்குமே. சாதா லென்ஸுக்குள்ளால அடிச்சா அட்டையில புள்ளி விழும், புளூ கட்டுக்குள்ளால அடிச்சா விழாது. கண்ணுக்கு முன்னால காட்டுற சாட்சி அது. அதை வீடியோ எடுத்துப் போடுங்கோ, வேற விளக்கமே தேவையில்லை.

லென்ஸ்மேசை

கொழும்பில் லென்ஸ் வெட்டும் லாப்பில் எட்டு வருடம், பிறகு இங்கே ஆஸ்பத்திரி வீதியில் கடை மேசையில் பதினாலு வருடம் இருந்தவன் நான். அந்தப் பேனையை நானும் நூற்றுக்கணக்கான பேருக்கு அடித்துக் காட்டியிருக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பேனையில் வருவது ஊதா வெளிச்சம். அலைநீளம் ஏறத்தாழ 405 நனோமீற்றர். புற ஊதாக் கதிர் முடிந்து கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் தொடங்குகிற விளிம்பு அது. நாங்கள் விற்கும் சாதாரண புளூ கட் லென்ஸ் 420 வரை உள்ளதை நன்றாக மறிக்கும். ஆகவே பேனையின் வெளிச்சம் மறிபடும், அட்டையில் புள்ளி விழாது. அதில் பொய் இல்லை. ஆனால் போனிலும் கொம்பியூட்டரிலும் இருந்து வரும் நீலம் 450 பக்கத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் லென்ஸ் மறிப்பது ஒரு சிறு பங்குதான். அதையும் முழுக்க மறித்தால் லென்ஸ் நல்ல மஞ்சளாகத் தெரியும், ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

அதாவது திரையிலிருந்து அநேகமாக வராத ஒரு வெளிச்சத்தை மறித்துக் காட்டிவிட்டு, திரையின் வெளிச்சத்தை மறித்ததாகச் சொல்கிறோம். பேனை காட்டுவது உண்மை. அதை வைத்து நாங்கள் சொல்லும் கதைதான் பிழை. இது விளங்கிய நாளிலிருந்து நான் பேனையை எடுப்பதில்லை.

இனி "தலையிடி நீங்கும், நித்திரை வரும்" என்ற வரி. 2023இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, புளூ கட் லென்ஸ் பற்றிச் செய்த 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கொம்பியூட்டர் பார்க்கும்போது வரும் கண் களைப்பு, சாதா லென்ஸோடு ஒப்பிட்டால், குறுகிய காலத்தில் இதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றது. நித்திரைக்கு உதவுமா என்பது தெளிவில்லை. விழித்திரையைக் காக்கும் என்று சொல்லவும் ஆதாரம் கிடைக்கவில்லை. கெடுதல் என்றும் சொல்லவில்லை. போட விரும்புகிறவர் போடலாம், நாங்கள் வாக்குக் கொடுக்கத்தான் இடமில்லை.

பிரித்தானியாவில் ஒரு பெரிய கண்ணாடிக் கடைத்தொடர் இதே மாதிரி விளம்பரம் போட்டதற்கு 2017இல் அந்தத் தொழிலின் கண்காணிப்புச் சபையிடம் 40,000 பவுண் தண்டம் கட்டியது. பெரிய கம்பனியும் தப்பவில்லை.

சுன்னாகத்தான்

அண்ணை, நீங்கள் சொல்லுற அலைநீளக் கணக்கு எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒண்டு சொல்லுங்கோ. என்ர மனிசி புளூ கட் போட்ட பிறகு தலையிடி நிண்டது. அவா பாங்கில வேலை, நாள் முழுக்க கொம்பியூட்டர். அது பொய்யோ? அதோட இரவில நீல வெளிச்சம் நித்திரையைக் குழப்பும் எண்டு டொக்டர்மாரும் சொல்லினம்தானே?

லென்ஸ்மேசை

தம்பி, உங்கள் மனைவிக்குத் தலையிடி நின்றது உண்மைதான். எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. அவருக்குக் கடைசியாகக் கண் பார்த்தது எப்போது? புதுக் கண்ணாடியில் பவர் மாறியதா? என் அனுபவத்தில் புளூ கட் எடுத்துத் தலையிடி நின்றவர்களில் கனபேர் பழைய கண்ணாடியை மூன்று, நாலு வருடம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். 0.50 சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் தேவைப்படும் பவர், விட்டுப்போயிருக்கும், அல்லது நாற்பது தாண்டி, கிட்டப் பார்ப்பதற்குப் பவர் தேவைப்படத் தொடங்கியிருக்கும். புதுப் பவர் வந்ததும் தலையிடி போகும், பெயர் புளூ கட்டுக்குப் போகும். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் நன்றாகக் குறைந்துவிடும். கண் காய்ந்து எரிவதற்கு அது ஒரு பெரிய காரணம், அதை எந்த லென்ஸும் மாற்றாது.

இரவு வெளிச்சத்தால் நித்திரை குழம்பலாம் என்பதில் நீங்கள் சொல்வது சரி. அதற்குப் போனைக் கீழே வைப்பதும் வெளிச்சத்தைக் குறைப்பதும் வழி. எங்கள் லென்ஸ் குறைக்கிற அந்தச் சிறு பங்கு நித்திரையைத் தரும் என்று எழுத முடியாது.

மூன்றுபிள்ளைத்தாய்

இதை வாசிக்க எனக்குப் பயமாக் கிடக்கு. என்ர மூத்தவனுக்கு பத்து வயசு. போன வருசம் மைனஸ் 1.25, இப்ப 2.00. கடையில புளூ கட் போட்டா நிக்கும் எண்டு சொல்லித்தான் கூடக் காசு குடுத்து எடுத்தனான். அப்ப இந்தக் கண்ணாடியால்தான் பவர் கூடினதோ? நான் இப்ப கழட்டி வைக்கச் சொல்லட்டோ? கண்ணாடி போடப் போட நம்பர் ஏறும் எண்டு மாமியும் சொல்லுறா.

லென்ஸ்மேசை

தங்கச்சி, கழற்றவேண்டாம். கண்ணாடியால் பவர் கூடவில்லை. அந்த வயதில் பிள்ளை வளரக் கண் உருண்டையும் நீளமாகிறது, அதோடு மைனஸும் கூடுகிறது. புளூ கட் அதைக் கூட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் கரும்பலகை தெரியாமல் படிப்புத்தான் கெடும்.

வருடத்தில் 0.75 கூடியிருப்பதால் கண் டொக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் மைனஸ் ஏறும் வேகத்தைக் குறைக்கவென்றே செய்த லென்ஸ் வகைகளும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. வேகத்தைக் குறைக்கும் என்றுதான் சொல்கிறார்கள், நிறுத்திவிடும் என்று அதைச் செய்தவர்களே சொல்வதில்லை. அது டொக்டர் அளந்து, தொடர்ந்து பார்த்து முடிவெடுக்கும் விசயம். பகலில் வெளியில் விளையாட விடுவதும் நல்லது என்று சொல்வார்கள்.

கொக்குவில் தம்பி, உங்கள் போஸ்ற்றில் "பவர் கூடாமல் தடுக்கும்" என்ற வரியைத்தான் நான் முதலில் வெட்டுவேன். இந்த அம்மா அந்த வரியை நம்பித்தான் காசு கொடுத்திருக்கிறார். அதை நம்பி ஒரு வருடம் டொக்டரிடம் போகாமலும் இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். காசை விட அந்த வருடம்தான் பெரிய இழப்பு.

மூன்றுபிள்ளைத்தாய்

ஓம் அண்ணை, போகேல்லை. கடையில பாத்தது காணும் எண்டு இருந்திட்டன். இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போறன்.

கொக்குவில்கடை

அக்கா, நான்தான் போஸ்ற்றைப் போட்டுக் கேட்டது. உங்களுக்கு அந்த லென்ஸ் தந்தது நான் இல்லை, ஆனா நானும் அதே மாதிரித்தான் வித்திருக்கிறன். அந்த வரியை வெட்டியாச்சு.

அடுத்தது சலுகை. "எந்தப் பிறேம் எடுத்தாலும் லென்ஸ் இலவசம்" எண்டதில பிழை ஏதும் இருக்கோ? கணக்குப் பாத்துத்தான் போடுறன்: 7,500 ரூபாவில இருந்து பிறேம், அதோட சாதா லென்ஸ் சும்மா.

நெல்லியடியான்

இதுக்கு நான் சொல்லுறன், ஏனெண்டா நான் அனுபவிச்சனான். கடையின்ர பெயர் வேண்டாம். ரெண்டு வருசத்துக்கு முதல் இதே மாதிரி "லென்ஸ் இலவசம்" எண்டு பாத்துப் போனன். நல்ல பெரிய சதுரப் பிறேம் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு மேசைக்கு வந்தா, "உங்கட பவருக்கு இலவச லென்ஸ் வராது" எண்டினம். எனக்கு ரெண்டு கண்ணும் மைனஸ் 5.00, சிலிண்டர் 2.25. கடைசியில பிறேம் விலையைப் போல ஒண்டரை மடங்கு லென்ஸுக்குக் குடுத்தன். பத்து நாள் கழிச்சு வந்து பாத்தா, ஓரம் சோடாப் போத்தல் அடி மாதிரித் தடிப்பு. காதுப் பக்கத்தால பிறேமுக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிண்டது. மெல்லிய லென்ஸ் எண்டு சொல்லித்தான் தந்தவை.

லென்ஸ்மேசை

நெல்லியடித் தம்பி, உங்களுக்கு நடந்ததைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். கடைக்காரருக்கும் இது உதவும்.

பிறேமின் கம்பியில் உள்பக்கம் 54-18 என்ற மாதிரி எழுதியிருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், மற்றது மூக்குப் பாலம், இரண்டும் மில்லிமீற்றரில். கூட்டினால் 72. உங்கள் பி.டி., அதாவது இரண்டு கண்மணிக்கும் இடையிலான தூரம், 62 என்று வைப்போம். பத்து வித்தியாசம், ஒரு கண்ணுக்கு ஐந்து. அப்படியென்றால் லென்ஸின் நடுப்புள்ளியை மூக்குப் பக்கமாக ஐந்து மில்லிமீற்றர் தள்ளித்தான் வெட்டவேண்டும். அப்போது நடுப்புள்ளியிலிருந்து காதுப்பக்க ஓரம் வரை 27உம் ஐந்தும் சேர்ந்து 32 மில்லிமீற்றர்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்துக்குப் போகப்போகத் தடிக்கும். அந்தத் தடிப்பு தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதுதான் கவனிக்கவேண்டிய இடம். 1.50, 1.60 என்பது லென்ஸ் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்ற எண், அது கூடினால் லென்ஸ் மெல்லிசு. சாதா 1.50 லென்ஸில் மைனஸ் 5.00 என்றால் 32 மில்லிமீற்றரில் ஓரம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரும். அதையே 1.60 மெல்லிய லென்ஸில் செய்தால் 5.8 அளவில் நிற்கும்.

இப்போது பிறேமை மாற்றுங்கள். 48-20 எடுத்தால் கூட்டுத்தொகை 68, தள்ளவேண்டியது மூன்று மட்டும், ஓரம் வரை 27 மில்லிமீற்றர். அதே சாதா 1.50 லென்ஸில் தடிப்பு 5.6. பெரிய பிறேமில் காசு கூடக் கொடுத்துப் போட்ட மெல்லிய லென்ஸை விட, சின்னப் பிறேமில் போட்ட சாதா லென்ஸ் ஒரு சொட்டு மெல்லிசு. வளைவைப் பொறுத்துச் சற்று மாறும். உங்களுக்கு மெல்லிய லென்ஸ் தந்தது பொய்யாக இருக்கவேண்டும் என்றில்லை. பிறேம் தெரிவு செய்யும் இடத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கொக்குவில் தம்பி, அதனால் "எந்தப் பிறேம்" என்ற சொல் உங்களுக்கே பிறகு கரைச்சல் தரும். கடையில் தயாராக வைத்திருக்கும் லென்ஸ் எந்தப் பவர் வரைக்கும் என்று எழுதுங்கள். உங்கள் சப்ளையர் எது வரை தருகிறார்?

கொக்குவில்கடை

மைனஸ் 6.00 வரை, சிலிண்டர் 2.00 வரை கைவசம் இருக்கு. பிளஸ் எண்டா 4.00. அதுக்கு மேல கொழும்புக்கு ஓடர் குடுக்கவேணும், ஏழு தொடக்கம் பத்து நாள் எடுக்கும். அப்ப நெல்லியடி அண்ணைக்கு மைனஸ் சரி, சிலிண்டர்தான் 0.25 தாண்டினது. அதை முதலே போஸ்ற்றில போட்டிருந்தா அவர் தன்ர துண்டைப் பாத்திட்டே வந்திருப்பார்.

நெல்லியடியான்

அதுதான். எனக்குக் கூடக் காசு குடுத்தது கோவமில்லை. மேசைக்கு வந்த பிறகு சொன்னதுதான் கோவம்.

ரொறொன்ரோவில்இருந்து

நான் வருசா வருசம் திருவிழாவுக்கு வாறனான். வெயிலுக்குக் கறுக்கிற லென்ஸ் பற்றியும் போஸ்ற்றில போடுவீங்களோ? கனடாவில எடுத்த கண்ணாடி அங்க பனிக்காலத்தில கறுப்புக் கண்ணாடி மாதிரிக் கறுக்கும். போன ஓகஸ்ற் நல்லூர் வெளிவீதியில பன்ரண்டு மணி வெயிலில நிண்டன், அரைவாசிதான் கறுத்துது. வானுக்குள்ள ஏறினா கறுக்கவே இல்லை. பழுதாப் போட்டுது எண்டு நினைச்சுத் திரும்பிப் போய்க் குடுத்தா, ஒண்டும் இல்லை எண்டிட்டினம்.

லென்ஸ்மேசை

பழுதில்லை. அந்த லென்ஸ் புற ஊதாக் கதிர் பட்டால் கறுக்கும், சூடு ஏறினால் வெளிறும். குளிரில் வெளிறுவது மெதுவாக நடப்பதால் நன்றாகக் கறுத்து நிற்கும். எங்கள் ஊர் வெக்கையில் இரண்டும் ஒரே நேரத்தில் இழுபடும். வாகனத்தின் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரை மறிப்பதால் உள்ளே கறுக்க வேலையில்லை. ஆகவே "வெயிலில் கறுப்புக் கண்ணாடியாக மாறும்" என்று இங்கே எழுதினால் ஆள் குறை சொல்லித் திரும்பி வருவார். "வெளியில் நிறம் கூடும், கடும் வெக்கையில் குறைவாகக் கறுக்கும், வாகனத்துக்குள் பெரிதாகக் கறுக்காது" என்று எழுதினால் எவரும் அப்படி வரமாட்டார்.

இருபாலை

ஒருவரும் தொடாத வரி ஒன்று இருக்கு. "இலவச கண் பரிசோதனை." எனக்கு இதில ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் வருடா வருடம் கண் காட்டச் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள். ஒரு வருடம் அவர் போகவில்லை. கேட்டால், "கடையில கொம்பியூட்டரில கண் ரெஸ்ற் பண்ணினான், எல்லாம் ஓகே எண்டவன்" என்றார். கடைக்காரப் பெடியன் சொன்னது பவர் ஓகே என்று. அப்பா எடுத்துக்கொண்டது கண்ணே ஓகே என்று. அடுத்த வருடம் போனபோது சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, விழித்திரையில் இரத்தக் கசிவு இருக்கு, லேசர் செய்யவேண்டும் என்றார்கள். இப்போது ஒரு கண்ணில் பார்வை குறைவு. கடைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் பொய் சொல்லவில்லை. "கண் பரிசோதனை" என்ற சொல்லைத்தான் சொல்கிறேன்.

லென்ஸ்மேசை

இருபாலை சொன்னது இந்த இழையிலேயே பெரிய விசயம். அந்த மெசின், கண்ணுக்கு எவ்வளவு பவர் வேண்டும் என்பதற்கு ஒரு தொடக்க எண்ணைத் தருகிறது. அதை வைத்துக்கொண்டு எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுத்தான் சரிசெய்கிறோம். விழித்திரையையோ நரம்பையோ அது பார்ப்பதில்லை. கண் அழுத்தம் அளப்பது வேறு வேலை. பவர் சரியாக இருக்கும்போதே உள்ளே நோய் இருக்கலாம்.

சீனிக்காரரிடம் இன்னொன்றும் இருக்கிறது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாத நாட்களில் பவரே ஆடும். இன்றைக்கு அளந்து கண்ணாடி வெட்டிக் கொடுத்தால், மருந்து மாறிச் சீனி இறங்கிய பிறகு அதே கண்ணாடி மங்கும். ஆள் லென்ஸ் பிழை என்று வருவார். திடீரென்று பவர் மாறியதாக யாராவது வந்தால் முதலில் சீனி பார்த்தீர்களா என்று கேட்பது எங்கள் வேலைக்குள் வரும். வருத்தம் இருக்கு, இல்லை என்று சொல்வது வராது.

ரீச்சர்75

சட்டத்தையும் ஒருவர் சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில், வியாபாரி ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடக்கக்கூடாது என்று 30ஆம் பிரிவு இருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். தவறாக வழிநடத்தக்கூடியதாக இருந்தாலே அது பொருந்தும். "எந்தப் பிறேம் எடுத்தாலும் இலவசம்" என்பது அதற்குள் வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

தம்பி, இன்னொன்று. வெளிச்சத் தெறிப்பைக் குறைக்கும் கோற்றிங் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? எனக்கு இரவில் ஸ்கூட்டர் ஓட அதுதான் உண்மையாக உதவியது.

லென்ஸ்மேசை

ரீச்சர், நல்ல இடத்தில் ஞாபகப்படுத்தினீர்கள். அதைப் பற்றித் துணிந்து எழுதலாம், ஏனென்றால் அது கண்ணால் பார்க்கக்கூடிய விசயம். கோற்றிங் இல்லாத சாதா லென்ஸில் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ எட்டு வீத வெளிச்சம் தெறித்துப் போகும். நல்ல கோற்றிங் அதை ஒரு வீதம் அளவுக்குக் கொண்டுவரும். கடையில் குழல் விளக்குக்குக் கீழே இரண்டு லென்ஸையும் பிடித்துக் காட்டுங்கள். ஒன்றில் விளக்கு வெள்ளையாகத் தெரியும், மற்றதில் மங்கிய பச்சையாகத் தெரியும். பேனைக்குப் பதிலாகச் செய்யவேண்டிய காட்சி அதுதான்.

ஆனால் அங்கேயும் ஒரு எல்லை உண்டு. லென்ஸுக்குள் தெறிக்கும் நிழல் வெளிச்சம்தான் குறையும். எதிரே வரும் பஸ்ஸின் லைற் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு பிரகாசமாகவே கண்ணுக்கு வரும். இரவில் லைற்றைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்று ஐம்பது, அறுபது வயது ஆள் சொன்னால் கோற்றிங் விற்கவேண்டாம். வெண்புரையாகவும் இருக்கலாம், கண் டொக்டரிடம் அனுப்புங்கள்.

கொக்குவில்கடை

எல்லாத்தையும் வைச்சுத் திருப்பி எழுதினன். டிசைன் தம்பிக்கு நீளம் கூடினது எண்டு கவலை, ஆனா நான் விடப்போறதில்லை:

"நல்லூர்த் திருவிழாக் காலச் சலுகை. 7,500 ரூபாவிலிருந்து பிறேம், அதோடு சாதா ஒற்றைப் பவர் லென்ஸ் இலவசம். மைனஸ் 6.00, பிளஸ் 4.00, சிலிண்டர் 2.00 வரை பொருந்தும். அதற்கு மேற்பட்ட பவரும், பைபோகல், புரோகிரெசிவ் லென்ஸும் தனி விலை. பிறேம் தெரிவு செய்வதற்கு முன் விலையைச் சொல்வோம். மைனஸ் 4.00க்கு மேல் உள்ளவர்கள் சிறிய பிறேம் எடுத்தால் ஓரத் தடிப்புக் குறையும், தெரிவு செய்ய உதவுவோம்.

தெறிப்புக் குறைக்கும் கோற்றிங்: லென்ஸில் விளக்கு வெளிச்சம் தெறிப்பதைக் குறைக்கும். கடையில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

புளூ கட்: ஊதா, நீல வெளிச்சத்தில் ஒரு பகுதியை மறிக்கும், லென்ஸில் மெல்லிய மஞ்சள் தெரியும். விரும்பினால் போடலாம். கண் நோய்க்கோ பவர் ஏறுவதற்கோ மருந்தல்ல.

பவர் பார்ப்பது இலவசம். இது கண் நோய்ப் பரிசோதனை அல்ல. சீனி வருத்தம் உள்ளவர்கள் கிளினிக்கில் கண் காட்டுவதை விடவேண்டாம். திடீர் மங்கல், கண்ணில் நோ, மின்னல் போல் வெளிச்சம் தெரிந்தால் எங்களிடம் வராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

சுன்னாகத்தான்

நேர்மையா இருக்குது, மறுக்கேல்லை. ஆனா "மருந்தல்ல" எண்டு எழுதிப்போட்டு ஆரப்பா புளூ கட் வாங்குவான்? பக்கத்துக் கடைக்காரன் கண்ணைக் காக்கும் எண்டு போட்டிருப்பான், சனம் அங்கதான் போகும். "கண்ணுக்கு இதமாக இருக்கும்" எண்டாவது போடுங்கோவன். இதம் எண்டது நோய் இல்லைத்தானே.

லென்ஸ்மேசை

அந்தச் சொல்லில் எனக்கும் தடுமாற்றம் இருக்கிறது. சிலருக்கு அந்த மெல்லிய மஞ்சள் பிடிக்கும், இதமாக இருக்கு என்று அவர்களே சொல்வார்கள். அவர் சொல்வது வேறு. கடை எழுதினால் வாசிக்கிறவர் களைப்புக் குறையும் என்றுதான் விளங்கிக்கொள்வார், அப்போது திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். நான் என்றால் போடமாட்டேன்.

ரீச்சர்75

நான் போடலாம் என்பேன். சோப்புக்காரரும் இதம் என்றுதான் எழுதுகிறார்கள், அதை யாரும் வைத்தியம் என்று நினைப்பதில்லை.

இருபாலை

சோப்புக்காரரிடம் ஒருவரும் வெள்ளை உடுப்போடு மெசினில் கண்ணை வைக்கச் சொல்வதில்லை, ரீச்சர். அப்பா அந்தப் பெடியனை அரை டொக்டராகத்தான் பார்த்தார். கண்ணாடிக்கடையில் ஒரு சொல்லுக்குப் பாரம் கூட.

கொக்குவில்கடை

"இதம்" போடேல்லை, இப்போதைக்கு. பக்கத்துக் கடைக்கு ஆள் போறதெண்டா போகட்டும் எண்டு சொல்ல எனக்கும் வசதி இல்லை, வாடகை இருக்கு. அதால குழல் விளக்குக்குக் கீழ ரெண்டு லென்ஸையும் பிடிச்சு ஒரு சின்ன வீடியோ எடுத்து இதோட போடப்போறன். விக்கிறதுக்கு அது காணுமோ எண்டு திருவிழா முடியத்தான் தெரியும்.

நெல்லியடியான்

எனக்கு சிலிண்டர் 2.25, உங்கட சலுகைக்குள்ள வராது எண்டு இப்ப வீட்டில இருந்தே தெரியுது. அப்ப எனக்கு மொத்தம் எவ்வளவு வரும்?

கொக்குவில்கடை

அண்ணை, துண்டையும் அந்தப் பழைய பெரிய பிறேமையும் கொண்டு வாங்கோ. முதல் பி.டி. அளப்பம், பிறகு 48, 49இல மூண்டு நாலு பிறேம் எடுத்து வைக்கிறன். சாதா லென்ஸில ஓரம் எவ்வளவு வரும், 1.60இல எவ்வளவு வரும் எண்டு லென்ஸ்மேசை அண்ணை போட்ட கணக்கிலேயே போட்டுக் காட்டி, ரெண்டுக்கும் விலை சொல்லுறன். சாதா காணும் எண்டா சாதாவே எடுங்கோ.

லென்ஸ்மேசை

தம்பி, சிலிண்டரின் அச்சையும் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு 90 பக்கம் என்றால் காதுப் பக்கத்து ஓரத்தில் 2.25உம் சேர்ந்துகொள்ளும், நான் போட்ட 5.6 அங்கே காணாது. 180 பக்கம் என்றால் அந்தக் கணக்கு நிற்கும்.

நெல்லியடியான்

துண்டில 180 எண்டு கிடக்கு. சனிக்கிழமை வாறன்.